ரப்பர் வளையம் எங்கே போனது?

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மூடநம்பிக்கை பற்றிப் பேச வந்திருப்பதாகத் தலைவர் என்னை அறிமுகம் செய்தார். நான் பல் பிடுங்குகிறவள். சாஸ்திரத்தை அலசும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய வாரம் அந்தப் பெண்ணை முதலில் கூட்டிக்கொண்டு வருவது எங்களிடம்தான். பியூட்டி பார்லர் அதற்கு அப்புறம். அப்படி வந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். ஆளை அடையாளம் காட்டுகிற விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இருபத்து மூன்று வயது, எம்.காம். முடித்தவள். மேல் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன என்று வந்தாள். ஈறு வீங்கிச் சிவந்திருந்தது, தொட்டால் சீழ். இரண்டு பல்லும் பக்கத்துப் பற்களைவிடக் கீழே இறங்கி நீளமாகத் தெரிந்தன. மற்ற பற்களில் காரை இல்லை, சொத்தை இல்லை, சுத்தமான வாய். இந்த வயதில் இரண்டே பற்கள் மட்டும் இப்படி ஆடுவதற்கு வழியே இல்லை. எக்ஸ்ரே எடுத்தேன். அந்த இரண்டு வேர்களைச் சுற்றி மட்டும் எலும்பு கரைந்து, வேர் நுனிப் பக்கம் வரைக்கும் கறுப்பாகத் தெரிந்தது. விழுந்தாயா, அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன்.

அவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. "சந்துப் பல்லு இருக்கிற பொண்ணு கையில காசு தங்காதாம்" என்று தரகர் வழியாக ஒரு வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த இடம் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. போனில் ஏதோ வீடியோ பார்த்து, முடிக்குப் போடும் சின்ன ரப்பர் வளையத்தை இரண்டு பல்லையும் சேர்த்து மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். நாலைந்து நாளில் சந்து மூடிவிட்டது. வீடியோவில் சொன்னது பொய்யில்லை, உண்மையிலேயே மூடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் ரப்பரைக் காணோம். தூக்கத்தில் விழுங்கியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

அது எங்கேயும் போகவில்லை. முன்பல்லின் வடிவத்தை யோசித்துப் பாருங்கள். வெளியே தெரிகிற பாகம்தான் அகலம். ஈறுக்குள் போகப் போக ஒடுங்கி, வேர் முனையில் கூம்பாக முடியும். இறுக்கமான வளையம் எப்போதும் குறுகின பக்கம்தான் நழுவும். ஈறுக்கு அடியில் புகுந்து, எலும்பை அரித்துக்கொண்டு வேர் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது. கேட்டால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டாலும் அம்மா பக்கத்தில் இருந்தால் பதில் வராது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் நிற வளையம் வேரைச் சுற்றிக் கிடந்தது. எடுத்து, சுத்தம் செய்து, தையல் போட்டு, பல்லின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டிப் பக்கத்துப் பற்களோடு கட்டினேன். பல மாதம் அப்படியே இருந்தாள். ஆட்டம் குறைந்தது, பல் விழவில்லை. இதே தவற்றில் இரண்டு பல்லையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அந்த வகையில் இவள் தப்பித்தாள். ஆனால் கரைந்த எலும்பு திரும்ப வளரவில்லை. பற்கள் நீளமாகவே நிற்கின்றன, ஈறு ஏறிப்போனதால் நடுவில் முக்கோணமாக ஒரு கறுப்பு இடைவெளி. முதலில் இருந்த சந்து இரண்டு மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது.

இரண்டு மில்லிமீட்டர் சந்து எதனால் வருகிறது? தாடை பெரியதாக அமைந்து பல் சிறியதாக இருந்தால் வரும். மேலுதட்டை ஈறோடு பிணைக்கும் சதைநாண் ஒன்று உண்டு, நாக்கால் துழாவினால் உங்களுக்கே தட்டுப்படும். அது தடித்துப் பல்லிடுக்கு வரை இறங்கியிருந்தால் வரும். பக்கத்துப் பல் முளைக்காமலே போனால் வரும். பெரும்பாலும் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருக்கும். ஒருமுறை பெண்ணின் சந்தைக் குறையாகச் சொன்ன மாமியார் வாயைத் திறந்து சிரித்தார், அவருக்கும் அதே சந்து! கேட்டால் "எனக்கு அது அதிர்ஷ்டம்மா" என்கிறார். (சிரிப்பு) ஆமாம், நம் ஊரிலேயே சில வீடுகளில் அது அதிர்ஷ்டப் பல். பிரான்ஸில் இதற்குப் பெயரே பாக்கியப் பல். நைஜீரியாவில் யோருபா மக்களிடம் அது அழகு, இல்லாதவர்கள் ராவிச் செயற்கையாக வைத்துக்கொண்டதும் உண்டு.

மூட வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டால் தாராளமாக மூடலாம். அவசரம் என்றால் பல் நிறத்துப் பிசினை இரண்டு பல் ஓரத்திலும் அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைப்போம். ஒரே அமர்வில் வேலை முடியும், பல்லை ராவ வேண்டியதில்லை. முறுக்கை முன்பல்லால் கடித்தால் சில்லு பெயரும், காப்பியில் கறை ஏறும், சில வருடத்தில் திரும்பச் செய்ய வேண்டிவரும். அகலமான சந்தை இப்படி அடைத்தால் பல் பலகை மாதிரி ஆகிவிடும். அதற்குக் கிளிப்தான் சரி. மாதக்கணக்கில் ஆகும், முடிந்த பிறகு உள்பக்கம் கம்பி ஒட்டாவிட்டால் சந்து மறுபடி திறந்துகொள்ளும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் என்று வந்து நிற்பவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் காதில் ஏறாது.

ஏன் ஏறாது என்பதை நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன். "காசு தங்காது" என்று சொன்னவர்கள் அதோடு சம்பந்தத்தை விட்டுவிடவில்லை. பத்து நாள் கழித்து அதே தரகர் வருகிறார். "அவங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு, பல்லுதான் கொஞ்சம் யோசனை. இன்னும் அஞ்சு பவுன் சேர்த்துப் போட்டா பேசி முடிச்சிடலாம்." அஞ்சு பவுனில் தீர்கிற தோஷம்! வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதற்குப் பிறகு வாய்விட்டுக் கேட்பதற்குத்தான் கூச்சம். பல், மச்சம், கண் என்று ஏதாவது ஒன்றைச் சுட்டிக்காட்டினால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, பெண் வீட்டாரே ஏற்றிச் சொல்வார்கள்.

இதெல்லாம் பெரியவர்கள் எழுதிவைத்தது என்பார்கள். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் பெண்ணின் அங்க லட்சணத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. கால் சுண்டுவிரல் தரையில் படாவிட்டாலும், கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருந்தாலும் அவள் நடத்தை சரியிருக்காது என்று அதில் இருக்கிறது. என் இரண்டாவது விரல் நீளம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அத்தை காதோடு சொன்னார், "காலைப் புடவைக்குள்ள இழுத்துக்கடி." நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் அதை அடக்கம் என்று மெச்சினார்கள். அதே வராகமிகிரர் அதே நூலில் பெண்களைப் புகழ்ந்தும் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். பெண்ணிடம் நீங்கள் சொல்லும் குற்றங்களில் ஆண் செய்யாதது எது என்று அதில் கேட்கிறார். அந்த அத்தியாயத்தை யாரும் பெண் பார்க்க எடுத்துக்கொண்டு போவதில்லை.

மச்சத்துக்கு வருகிறேன். பெண்ணுக்கு இடப்பக்கம் இருந்தால் நல்லது, ஆணுக்கு வலப்பக்கம் என்று பொதுவிதி சொல்வார்கள். மச்சம் என்பது தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் ஓரிடத்தில் கூடி நிற்பது, அவ்வளவுதான். பிறக்கும்போதே இருப்பவை குறைவு. பெரும்பாலானவை சிறுவயதிலும் வாலிபத்திலும் ஒவ்வொன்றாக வருகின்றன, முப்பது வயதுக்கு மேலும் புதிதாக வரலாம். கல்யாணம் ஆன மூன்றாம் வருடம் வருகிற மச்சம் எந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு ஜோசியரிடம் கேட்டேன். "அது வேற" என்றார். எது வேறு என்று சொல்லவில்லை. இதற்காகச் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். புள்ளியாக இருந்தது தழும்பாகிறது. மச்சத்தில் உண்மையாகப் பார்க்க வேண்டியது வேறு: ஒழுங்கில்லாமல் ஓரம் பரவுகிறதா, ஒரே மச்சத்தில் பல நிறமா, பென்சில் பின்முனையைவிடப் பெரிதாகிறதா, அரிப்போ ரத்தமோ உண்டா. இருந்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். சுட்டுவிட்டால் சோதனைக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது.

கண் விஷயத்தில் எனக்கு ஆத்திரமே வரும். பூனைக்கண்ணைச் சொல்லவில்லை, அது கருவிழியில் நிறமி குறைவு, அவ்வளவே. நான் சொல்வது மாறுகண். குழந்தைக்கு லேசாக ஒரு கண் ஒதுங்கியிருந்தால் "அதிர்ஷ்டக் கண்ணு, கை வைக்காதீங்க" என்று பாட்டி சொல்வார். இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்க்கும்போது இரண்டு காட்சியைச் சேர்த்துவைக்க மூளையால் முடியாது. ஒதுங்கிய கண் அனுப்புவதை அது ஒதுக்கித் தள்ளிவிடும். அந்தக் கண் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், பார்வை மட்டும் வளராது. ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கினால் பெரும்பாலும் மீட்கலாம். வயது ஏற ஏற அது கடினம். எங்கள் ஊர்க் கண் மருத்துவர் சொல்வார், மாறுகண்ணை நேராக்கித் தரச் சொல்லி இருபத்திரண்டு வயதுப் பெண்கள் வருகிறார்கள், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று. அறுவை செய்தால் கண் நேராகும். அந்தக் கண்ணால் மட்டும் எழுத்தைப் படிக்கச் சொன்னால் பெரிய எழுத்துகூடத் தெரியாது. பிறந்த வீட்டுக்கு அதிர்ஷ்டமாக இருந்த கண் அது.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு அம்மா எட்டு வயது மகளைக் கூட்டிவந்தார். நடுவில் சந்து. "இப்பவே அடைச்சிடுங்க டாக்டர், நாளைக்குப் பொண்ணு பார்க்க வரும்போது பேச்சு வரும்." எட்டு வயதில்! அந்த வயதில் முன்பல் விரிந்து நிற்பது இயல்பு, பதினொன்று பன்னிரண்டில் கோரைப்பல் இறங்கும்போது அதுவே நெருக்கித் தள்ளும், அதுவரை எதுவும் செய்யாதீர்கள், ரப்பர் கிட்டே போகவே போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அரைமனதாகத்தான் போனார்.

போன மாதம் திரும்ப வந்தார்கள். கோரைப்பல் இரண்டும் இறங்கியிருந்தன, சந்து இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடியைக் கொடுத்தேன், பிள்ளை பார்த்துச் சிரித்தது. அம்மாவுக்கும் சந்தோஷம். கதவு வரைக்கும் போனவர் மகளை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "டாக்டர், அவ மேலுதட்டுக்கு மேல வலது பக்கமா ஒரு மச்சம் வந்திருக்கு, கவனிச்சீங்களா?"