மின்னலும் இரண்டு எர்த்தும்

நேயர்களுக்கு வணக்கம். மின்னல் அடிக்கடி விழும் இடங்களில் கண்காணிப்புக் கேமராக்களையும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளையும் காப்பாற்றுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எர்த்தின் மின்தடை குறைந்தால் கருவி தப்பிக்கும் என்ற ஒரு நம்பிக்கையைத்தான் இன்றைய பேச்சில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அது பாதி உண்மைதான். அந்தப் பாதியை மட்டும் நம்பி நல்ல ஸ்விட்சுகளைத் தொலைத்தவர்கள் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கின் உரிமையாளர் என்னை அழைத்தார். அலுவலக அறையில் பதினாறு போர்ட் கொண்ட ஸ்விட்ச் ஒன்று இருந்தது. அங்கிருந்து எழுபது மீட்டர் தொலைவில், வாயிலருகே இருந்த இரும்புக் கம்பத்துக்கு இரண்டு நெட்வொர்க் கேபிள்கள் போயின. கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுகிற இரண்டு கேமராக்கள் அந்தக் கம்பத்தில் இருந்தன. ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை கேமராக்களும் அவை செருகப்பட்ட போர்ட்டுகளும் செத்துப்போயின. மற்ற போர்ட்டுகளும் ஸ்விட்சின் விளக்குகளும் வழக்கம்போல வேலை செய்தன. இந்த அடையாளத்தைக் கவனிக்க வேண்டும். வெளிக் கேபிள் செருகப்பட்ட போர்ட்டுகள் மட்டும் பழுதானால் மின்னெழுச்சி, அதாவது மின்னல் கிளப்பும் திடீர் மின்னழுத்த உயர்வு, பெரும்பாலும் கேபிள் வழியாக வந்திருக்கும். கருவிக்கு உயிரே வராமல் அடாப்டரோ பவர் சப்ளையோ எரிந்திருந்தால் மின்கம்பி வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதல் பழுதுக்குப் பிறகே உரிமையாளர் ஒரு காரியம் செய்திருந்தார். கணினிக் கருவிகளுக்குத் தூய்மையான எர்த் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கட்டடத்தின் பழைய எர்த்துக்கு இருபத்தைந்து மீட்டர் தள்ளி, புதிதாக ஆழமான எர்த் குழி தோண்டியிருந்தார். அளந்து பார்த்ததில் 2 ஓம் வந்தது என்று பெருமையோடு சொன்னார். ஸ்விட்சின் உலோகப் பெட்டியையும், கேபிள் வழியாக வரும் மின்னெழுச்சியைத் தடுக்க வாங்கிய சர்ஜ் தடுப்பானையும் அந்தப் புதிய குழியோடு இணைத்திருந்தார்கள். இரண்டு எர்த்தும் கலந்துவிடக் கூடாது என்று மின் இணைப்புப் பிளக்கின் எர்த் முனையையும் துண்டித்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. உலோகப் பெட்டியுள்ள கருவியின் எர்த் முனையைத் துண்டிப்பது ஆளையே கொல்லக்கூடிய செயல். அதை எந்த நியாயமும் மாற்றாது.

இப்போது கணக்குக்கு வருவோம். மின்னல் கம்பத்தின் மீது நேராக விழ வேண்டியதில்லை. அருகிலுள்ள மரத்தின் மீதோ வேலியின் மீதோ விழுந்தாலே போதும். அந்த மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்காக 2,000 ஆம்பியர் கம்பத்தின் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் அடி எர்த் 10 ஓம் என்றால், கட்டடத்தோடு ஒப்பிடும்போது கம்பம் அந்தக் கணத்தில் 20,000 வோல்ட் உயர்கிறது. நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் சிறிய மின்மாற்றியின் காப்பு 1,500 வோல்ட் மாறுமின்னழுத்தச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது ஈத்தர்நெட் தரநிலையின் விதி. அதற்கும் இருபதாயிரத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பெரும்பாடுபட்டு கம்பத்தின் எர்த்தை 1 ஓமாகக் குறைத்தாலும் 2,000 வோல்ட் எழுகிறது. அப்போதும் கேபிள், உயர்ந்துவிட்ட கம்பத்தையும் உயராத கட்டடத்தையும் இணைக்கும் பாலமாகவே நிற்கிறது; அந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டிய இடம் போர்ட்டாகிறது.

ஆகவே எர்த் எவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, கருவியைத் தொடும் கம்பிகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பது. வெள்ளம் வந்தால் ஒரே தெப்பத்தில் இருப்பவர்கள் சேர்ந்தே உயர்கிறார்கள். ஒரு கால் தெப்பத்திலும் ஒரு கால் கரையிலும் வைத்தவர்தான் கிழிபடுகிறார். அந்தக் கிடங்கின் ஸ்விட்ச் அப்படித்தான் நின்றது. கேமராக் கேபிளும் உலோகப் பெட்டியும் புதிய குழியைச் சார்ந்திருந்தன; மின்கம்பியோ பழைய எர்த்தைச் சார்ந்திருந்தது. இரண்டு குழிகளுக்கும் நடுவில் மண் மட்டுமே இருந்ததால் மின்னல் நேரத்தில் அவை இரண்டும் ஒரே அளவில் உயர வாய்ப்பே இல்லை.

அந்தச் சர்ஜ் தடுப்பான் ஏன் காப்பாற்றவில்லை என்று உரிமையாளர் கேட்டார். தடுப்பானிலிருந்து குழிக்குப் போன எர்த் கம்பி ஆறு மீட்டர் நீளம். மிஞ்சிய பகுதியை அழகாகச் சுருளாகச் சுற்றிக் கட்டியும் வைத்திருந்தார்கள். சாதாரண மின்சாரத்துக்கு ஆறு மீட்டர் செப்புக் கம்பி ஒரு பொருட்டே அல்ல. மின்னெழுச்சியோ சில மைக்ரோ விநாடிகளில் உச்சத்தைத் தொடுகிறது. அவ்வளவு வேகத்தில் கம்பியின் தூண்டல் குணம் முட்டுக்கட்டை போடுகிறது. நேரான கம்பியில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. 2,000 ஆம்பியர் எட்டு மைக்ரோ விநாடிகளில் உயர்ந்தால் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 250 வோல்ட் எழும். ஆறு மீட்டருக்கு 1,500 வோல்ட். தடுப்பான் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் இந்த 1,500 வோல்ட் அதற்கு மேல் சேர்ந்துகொண்டு கருவிக்குள் போகிறது. சுருளாகச் சுற்றியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சர்ஜ் தடுப்பானின் இணைப்புக் கம்பிகள் மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்று நிறுவல் விதிகள் சொல்வது இதனால்தான்.

நாங்கள் செய்த திருத்தத்தில் புதிதாக வாங்கிய பொருள் குறைவு. இடம் மாற்றிய பொருள்தான் அதிகம். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு செப்புப் பட்டையைப் பொருத்தி, கட்டடத்தின் பழைய எர்த்தை அதில் சேர்த்தோம். புதிய குழியை மூடவில்லை. தடித்த செப்புக் கம்பியால் அதையும் அதே பட்டைக்குக் கொண்டுவந்தோம். துண்டித்த பிளக்கை மாற்றினோம். வெளியிலிருந்து வரும் கேமராக் கேபிள்கள் கட்டடத்தின் எதிர்ப்புறமாக நுழைந்துகொண்டிருந்தன. அவற்றை மெயின் போர்டு இருக்கும் பக்கமாக நுழைய வைத்தோம். அதற்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. மின்கம்பிக்கான தடுப்பான், கேபிள்களுக்கான தடுப்பான், ஸ்விட்ச் வைத்த ராக் ஆகிய எல்லாமே அந்த ஒரே பட்டையில் சேர்ந்தன. தடுப்பான்களின் கம்பிகள் அரை மீட்டருக்குள் அடங்கின.

கம்பத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒரு தடுப்பான் வேண்டும், ஏனென்றால் கட்டடத்து நுழைவில் உள்ளது கட்டடத்துக் கருவியைத்தான் காக்கும். கம்பத்துத் தடுப்பானின் எர்த் கம்பியைத் தனியாக மண்ணுக்கு இறக்காமல், கேமரா பொருத்திய இரும்புக் கம்பத்தோடே ஒரு சாண் நீளத்தில் இணைத்தோம். கேமரா கட்டடத்தின் சுவரிலேயே இருந்தால் அதற்கென்று தனிக் குழி தோண்டவே கூடாது. கட்டடத்தின் எர்த்தோடுதான் சேர்க்க வேண்டும். தடுப்பான் வாங்கும்போது, கேபிளில் மின்சாரமும் போவதற்கு ஏற்றதா என்றும், நான்கு ஜோடிக் கம்பிகளையும் காக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். கேபிளில் போகும் மின்னழுத்தம் 57 வோல்ட் வரை இருக்கலாம். அதற்குக் கீழேயே செயல்படத் தொடங்கும் தடுப்பானை மாட்டினால் கேமராவுக்கு உயிரே வராது.

இனி, ஏறி இறங்கும் மின்னழுத்தம். இதையும் மின்னெழுச்சியையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். மின்கம்பிக்கான சர்ஜ் தடுப்பானுக்குள் பெரும்பாலும் இருப்பது வேரிஸ்டர் என்ற உறுப்பு; மைக்ரோ விநாடிக் கணக்கில் வரும் உச்சத்தை விழுங்குவதற்காக மட்டுமே அது பிறந்தது. 230 வோல்ட் வழங்கும் மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், ஒரு ஃபேஸில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் நிமிடக் கணக்கில் நிற்கக்கூடும். 275 வோல்ட் என்று குறிக்கப்பட்ட வேரிஸ்டர் அதை விழுங்க முயன்று சூடேறிச் சாகும். ஏற்ற இறக்கம் உள்ள இடங்களில் 320 அல்லது 385 வோல்ட் குறியீடுள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது; அதற்கு விலையாகக் கருவிக்குப் போகும் மிச்ச மின்னழுத்தம் சற்றுக் கூடும். நியூட்ரல் அறுந்த நிலைக்கு அதுவும் போதாது. மின்னழுத்தம் எல்லை மீறியதும் இணைப்பைத் துண்டித்து, சில நிமிடம் காத்திருந்து திரும்ப இணைக்கும் தனி ரிலே வேண்டும். ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் சர்ஜ் தடுப்பான்கள் அல்ல. அவற்றுக்கு முன்னால் தடுப்பான் இருந்தால் அவையும் தப்பிக்கும்.

உங்கள் இடத்தில் இரண்டு எர்த் தனித்தனியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், தகுதியுள்ள மின்பணியாளரை அழைத்து, வானம் தெளிவாக உள்ள நாளில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டுக்கும் நடுவே மாறுமின்னழுத்தம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். கம்பியால் இணைந்திருந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். மண் வழியாக மட்டும் இணைந்திருந்தால் பல ஓம் காட்டும். எர்த் சரியில்லை என்பதற்காகச் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். நியூட்ரல் அறுந்த நாளில் கருவியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் கிடங்கின் வாயில் கேமரா ஒன்று மீண்டும் இருண்டது. போய்ப் பார்த்தால் கம்பத்துத் தடுப்பான் மட்டும் செத்திருந்தது. அதை மாற்றியதும் கேமரா உயிர்பெற்றது. ஸ்விட்சில் ஒரு போர்ட்டும் போகவில்லை. ஆனாலும் எழுபது மீட்டர் செம்பு இருக்கும்வரை கம்பத்தின் மின்னோட்டத்தில் ஒரு பகுதி கட்டடத்தை நோக்கி வரத்தான் செய்யும். கம்பத்தில் விளக்குக்கென்று ஏற்கெனவே மின் இணைப்பு இருந்ததால், பிறகு உலோகமே இல்லாத ஃபைபர் கேபிளை இழுத்து, கம்பத்துப் பெட்டியில் ஒரு சிறிய ஸ்விட்சை வைத்தோம். அந்த விளக்குக் கம்பியும் செம்புதானே என்று உரிமையாளரே கேட்டுவிட்டார். அவர் கேட்டது சரி. அதன் கம்பத்து முனையிலும் கட்டடத்து முனையிலும் மின்கம்பிக்கான தடுப்பான்களைப் பொருத்தினோம். பச்சையாக இருக்கும் அவற்றின் சிறு ஜன்னல் சிவப்பாகிவிட்டதா என்று, பெரிய இடி இடித்த மறுநாள் காலையில் காவலாளி போய்ப் பார்க்கிறார்.