பதினெட்டுக் கிலோ எங்கே?

(கிளிநொச்சியில் இளம் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, மண்டபத்தோடு கதிரைகளையும் தந்துதவிய அதிபர் அவர்களே, கமக்கார அமைப்புகளின் தலைவர்களே, கிராம அலுவலர்களே, இளம் உத்தியோகத்தர்களே, அனைவருக்கும் வணக்கம். தேநீர் தயாரிக்கும் மாதர் சங்கத்தினரைக் குறிப்பிடாமல் போன ஆண்டு பேசி முடித்த குற்றம் எனக்கு உண்டு. அவர்களுக்கு இம்முறை இரண்டு வணக்கம்.

பேச்சுக்குப் பின் எழும் மூன்று வகைக் கேள்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விடை தெரியாத கேள்வி, கோபத்தோடு வரும் கேள்வி, கேள்வி என்ற பெயரில் நிகழும் இன்னொரு சொற்பொழிவு. முதலாவதில் நான் விழுந்து எழுந்தவன். ஆழமறியாமல் காலை விடாதே என்று குளக்கட்டில் நின்று அம்மம்மா சொல்லுவார். அதை மேடையில் மறந்தேன்.

2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த காலம். பெரும்போக விதைப்புக்கு முன்னர், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் சேதனப் பசளையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் தோளிலிருந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, "தம்பி, ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடா எத்தினை மூட்டை கூட்டுப்பசளை போடவேணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. "பத்து மூட்டை போதும் ஐயா" என்றேன்.

அவர் அமர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஏதோ எழுதிக் கூட்டினார். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் என்று பையிலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. கூட்டுப்பசளையில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால், அதே அளவான பத்து மூட்டையில் ஐந்து கிலோதான். "சேர், மிச்சப் பதினெட்டுக் கிலோ எங்கை?" என்றார். மண்டபம் சிரித்தது. அதற்கு முன் முக்கால் மணி நேரம் நான் சொன்ன சரியான விடயங்களும் அந்தச் சிரிப்போடு போய்விட்டன.

அன்று சொல்லியிருக்க வேண்டியது நீளமானதல்ல. முதலில் கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் யோசிக்கவும் அவகாசம் கிடைத்திருக்கும். பிறகு, "யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. உங்கள் கூட்டுப்பசளையில் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது, அது குவியலுக்குக் குவியல் மாறும், அதில் உள்ளதும் ஒரே போகத்தில் முழுவதுமாகப் பயிருக்குக் கிடைக்காது. மாதிரியைத் தாருங்கள்; சோதனை முடிவு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமை இங்கே வந்து சொல்கிறேன்" என்று முடித்திருக்கலாம். தெரிந்தது, தெரியாதது, திரும்பி வரும் நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. நாளைச் சொல்லாமல் "பார்த்துச் சொல்கிறேன்" என்பவரைச் சபை நம்புவதில்லை. ஆழமறியாமல் காலை விடாதே என்றால், ஆழம் பார்க்கக் கோல் எடுக்கப் போகிறேன் என்று கரையில் நின்று சொல்லத் தடையில்லை.

அதே கூட்டத்தில்தான் இரண்டாவது வகையும் வந்தது. "உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். எங்கட வயல் பொய்த்தால் ஆர் பொறுப்பு?" என்றார் ஒருவர். நான் என் சேவைக் காலத்தை எண்ணிச் சொல்லத் தொடங்கினேன். அவர் என் சேவையைப் பற்றிக் கேட்கவே இல்லை. முள்ளை நீக்கிக் கேள்வியை மட்டும் எடுத்திருக்க வேண்டும்: "விளைச்சல் குறைந்தால் நட்டத்தை யார் ஏற்பது என்று ஐயா கேட்கிறார். என் சம்பளம் குறையாது என்பது உண்மை. நட்டஈட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை." பார்வையைக் கேட்டவரிடம் தொடங்கி, விடையைச் சபைக்குச் சொல்லி முடித்து, அடுத்த கேள்வியை மறுபக்கத்திலிருந்து வாங்க வேண்டும். "திருப்தியா?" என்று அவரிடமே திரும்பிக் கேட்டால் வழக்கு மறுபடி தொடங்கும். ஆனால் காணியை இழந்தவரோ உறவைத் தேடுபவரோ எழுந்து பேசினால் இந்த முறை எதுவும் வேண்டாம். பேசி முடிக்கும்வரை கேட்டிருங்கள்.

அந்தக் கோபம் எனக்காக மட்டும் வளர்ந்ததல்ல. எனக்கு முன் அதே மண்டபத்தில் பேசிவிட்டுத் திரும்பி வராதவர்களின் கணக்கும் என் தலையில் விழுந்தது. அதனால்தான் ஒவ்வொரு பொதுநோக்கு மண்டபத்திலும் ஒரு கேள்விக் கொப்பி வேண்டும் என்று போகுமிடமெல்லாம் கேட்டுவருகிறேன். 120 பக்கக் கொப்பி போதும்: கேள்வி, கேட்ட நாள், பதில் சொல்ல ஒப்புக்கொண்டவர், வரும் நாள், சொன்ன பதில். பேச்சாளர் கையெழுத்து வைக்காமல் மண்டபத்தை விட்டுப் போகக்கூடாது. ஆழமறியாமல் காலை விட்டவர் யார் என்பதும் அதில் தெரிந்துவிடும். பிரதேச செயலாளர் அவர்கள் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் என் வயதுக்கு அலைச்சல் குறையும்.

மூன்றாவது வகைக்கு நேரமில்லை என்று தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். கொப்பி ஒன்றை வாசல் மேசையில் நூலில் பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் அந்த முதியவரின் கேள்வியை நானே எழுதியிருக்கிறேன். அதன் கீழே உங்களுக்கு இடமுண்டு.