குதிகால் "நரம்பு" இழுத்துக்கொண்டால்

வணக்கம். நான் தருமபுரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். தக்காளி வியாபாரி, வயது 46, சர்க்கரை உண்டு. "குதிகால் நரம்பு இழுத்துக்கிச்சு சார், ஒரு ஊசி போட்டாங்க, நல்லா இருந்துச்சு, இப்போ மறுபடியும் அதே வலி" என்றார். அவருடைய கதையை வைத்தே இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

முதலில் அந்த "நரம்பு". நம் ஊரில் இழுக்கிற எல்லாமே நரம்புதான், ஆனால் குதிகாலுக்குப் பின்னால் விரலால் பிடிக்கிற அளவுக்குத் தடியாக இருப்பது நரம்பு அல்ல, தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கிற கயிறு. அக்கிலிஸ் தசைநாண் என்பார்கள். ஓடும்போது உடம்பு எடையைப் போல ஆறேழு மடங்கு பாரம் அதன் மேல் விழும்.

இவருக்குச் சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியிருந்தார்கள். தினம் இரண்டு கிலோமீட்டர் நடந்தவர், மகனோடு சேர்ந்து ஓட ஆரம்பித்து மூன்றே வாரத்தில் ஆறு கிலோமீட்டருக்குப் போய்விட்டார். அப்புறம்தான் வலி. காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் முதல் பத்தடி மரக்கால் மாதிரி விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் இளகிவிடும், ஓட ஆரம்பித்தால் வலியே தெரியாது, ஆனால் மறுநாள் காலையில் முந்தின நாளைவிட மோசம். இந்த வரிசையைச் சொன்னாலே பாதி நோய் புரிந்துவிடும். தொட்டுப் பார்த்தேன், எலும்பிலிருந்து நாலு விரல்கடை மேலே நாண் புடைத்திருந்தது, இரண்டு விரலால் கிள்ளினால் வலித்தது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தேன், பாதம் கீழே அசைந்தது. அசையாமல் இருந்திருந்தால் நாண் அறுந்துவிட்டது என்று பொருள், அது வேறு கதை, உடனே எலும்பு டாக்டரிடம் போகவேண்டிய கதை.

இதை "வீக்கம், அழற்சி" என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அழற்சியில் கூட்டமாக வரவேண்டிய செல்கள் அங்கே பெரிதாக இல்லை. நல்ல நாணில் கொலாஜன் என்ற புரத இழைகள் முறுக்கிய தாம்புக்கயிறு போல ஒரே திசையில் நெருக்கமாக ஓடும். கெட்டுப்போன இடத்தில் அவை கலைந்து, இடையில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு பசை சேர்ந்து, உப்பியிருக்கும். சாதாரணமாக அங்கே இல்லாத சின்ன ரத்தக்குழாய்களும், அவற்றோடு வலி உணர்கிற நரம்பிழைகளும் உள்ளே நுழைந்திருக்கும். (கடைசியில் ஒரு நரம்பு வந்துவிட்டது பாருங்கள், எங்கள் ஊர்க்காரர்கள் முழுசாகத் தப்பாகச் சொல்லவில்லை.) அதாவது பழுது பார்க்கத் தொடங்கிய வேலை பாதியில் குழம்பி நின்றுவிட்ட நிலை. சர்க்கரை இருந்தால் இந்தப் பழுதுவேலை இன்னும் மந்தம்.

சரி, அந்த ஊசி. ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும், அதில் சந்தேகமே இல்லை. இவருக்கு நாலாம் நாளே வலி காணோம். ஆனால் கலைந்த இழை அப்படியேதான் இருக்கிறது. போதாததற்கு, கொலாஜன் தயாரிக்கிற செல்களின் வேலையையே ஸ்டீராய்டு அடக்கிவைக்கும். வலி இல்லை என்றதும் இவர் மறுபடியும் ஆறு கிலோமீட்டர் ஓடினார். எனக்குப் பயமே இந்த வாரங்கள்தான். எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டுப் பலம் குறைந்த கயிற்றில் பாரம் ஏற்றுவது மாதிரி. ஊசிக்குப் பிறகு நாண் அறுந்தவர்கள் உண்டு, அதிலும் மருந்து நாணுக்குள்ளேயே இறங்கினால் ஆபத்து கூடுதல். இவருக்கு அறுபடவில்லை, ஆறாவது வாரம் வலி மட்டும் திரும்பியது. இடையில் சில நாள் சர்க்கரை 280 தாண்டியது, அதுவும் அந்த ஊசி செய்கிற வேலைதான், யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் அவருக்குக் கொடுத்தது வெறும் படிக்கட்டு. ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர் 1998-இல் எழுதிய முறை இது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, இரண்டு காலாலும் எழும்ப வேண்டும். பிறகு எடை முழுவதையும் வலிக்கிற காலுக்கு மாற்றி, மூன்று எண்ணுகிற நேரத்தில் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற நல்ல காலைத்தான் பயன்படுத்த வேண்டும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதுதான் இதில் சூட்சுமம், எக்சென்ட்ரிக் பயிற்சி என்று பெயர். முழங்கால் நீட்டி 15 முறை மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரம்.

செய்யும்போது வலிக்கும். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாள் காலை விறைப்பு கூடாமல் இருந்தால் போதும். கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறைக்கணும், நிறுத்தக் கூடாது. முழு ஓய்வு எடுத்தவர்களுக்கு வலி போகும், நாண் இன்னும் பலம் இழக்கும், ஓடத் தொடங்கிய அன்றே வலி வரும். எப்போது சும்மா இறக்குவது சுலபமாகிறதோ, அப்போது முதுகுப் பையில் எடை போட வேண்டும். இவர் அரிசி பாக்கெட் ஐந்து கிலோவில் ஆரம்பித்தார். பலர் தோற்பது இங்கேதான், பை போடாமலே மூன்று மாதம் இறங்கி ஏறிவிட்டு "பிரயோஜனம் இல்லை" என்பார்கள்.

ஒரு விஷயம், வலி எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரை மட்டத்தோடு நிறுத்த வேண்டும். இறக்கினால் எலும்பு நாணை அழுத்தும்.

மூன்றாவது வாரம் இவர் விட்டுவிட்டார். காலை நாலு மணிக்கு மண்டிக்குப் போகிறவர் 180 எண்ணிக்கொண்டிருப்பாரா? நியாயம்தான். வாரத்தில் மூன்று நாள் மட்டும், அதிக எடையோடு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற முறைக்கு மாற்றினேன். டென்மார்க்கில் 2015-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். பத்தாவது வாரம் காலை விறைப்பு இரண்டு அடியோடு நின்றது. அதன் பிறகுதான் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினோம்.

புடைப்பு மட்டும் போகவில்லை. "சார், இன்னும் தடியா இருக்கே" என்றார். அது ரொம்ப நாள் இருக்கும். நாணின் நடுப்பகுதி நமக்கு 17 வயது ஆனபிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கலைந்த இடத்தை நாம் சரிசெய்வதில்லை, சுற்றியுள்ள நல்ல இழையைப் பலப்படுத்துகிறோம். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

"அப்போ ஊசியே தப்பா?" என்றும் கேட்டார். அப்படிச் சொல்லிவிட மாட்டேன். 2022-இல் டென்மார்க்கில் 100 பேரை எடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, நாணுக்குள் இல்லாமல் அதன் முன்பக்கத்தில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் போட்டு, எல்லோருக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத்தான் கூடுதல் பலன். ஆக, வலியால் படியில் நிற்கவே முடியாதவருக்கு, பயிற்சியைத் தொடங்கிவைக்க ஒரு ஊசி, அதுவும் பார்த்துப் போட்டது, சரி. இவருக்குக் கையால் தடவிப் பார்த்துப் போட்டார்கள், பயிற்சி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் மண்டிப் படியில் பையோடு நிற்கிறார். பையில் அரிசி இல்லை, இருபது கிலோ தக்காளி. விலை இறங்கிய நாளில் அதற்காவது ஆகிறது என்கிறார்.