காலாண்டுச் செலவு அறிக்கையில் ‘மழை’ என்று எழுதலாமா?

[திரையில்: வேலணையில் ஒரு பொதுக் கிணறு. கட்டு இடிந்திருக்கிறது, தண்ணீர் விளிம்புக்குக் கிட்ட நிற்கிறது.]

வணக்கம். இது டிசம்பர் கடைசி. இந்தக் கிணற்றுக்குள் இப்போது யாரையும் இறக்கி வேலை செய்விக்க முடியாது. ஆனால் இதற்கான காசை டிசம்பருக்குள் செலவழிப்போம் என்று நிதி தருகிறவருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அடுத்த மாதம் காலாண்டு அறிக்கை போக வேண்டும். என்ன எழுதுவது?

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஜூலை தொடங்கி ஜூன் வரை ஒரு வருடத் திட்டம், மொத்தம் 120 இலட்சம் ரூபா. 20 கிணறுகளைத் திருத்த 60 இலட்சம், சம்பளம் 30, பயிற்சி 18, அலுவலகச் செலவு 12.

[திரையில்: செலவு 39 இலட்சம். திட்டமிட்டது 60 இலட்சம்.]

ஆறு மாதம் முடிந்துவிட்டது. மொத்தத்தில் பாதி, 60 இலட்சம் போயிருக்க வேண்டிய இடத்தில் 39தான் போயிருக்கிறது. காலத்தில் பாதி கழிந்தும் காசில் 32.5 வீதம்தான் செலவு. பேர்ன் ரேட் என்பது இந்த வேகம்தான்: மாதத்துக்கு 6.5 இலட்சம்.

நிதி தருகிறவர் இதோடு நிற்க மாட்டார். மிச்சம் 81 இலட்சத்தை ஆறால் வகுத்துப் பார்ப்பார். மாதத்துக்கு 13.5 இலட்சம் வருகிறது. இதுவரை ஓடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அறிக்கை முழுக்க அதற்கான பதிலாக இருந்தால் போதும்.

எங்கள் கணக்குத் தம்பி முதல் வரைவில் ‘கடும் மழை காரணமாக’ என்று எழுதி வந்தார்.

“தம்பி, ஐப்பசி கார்த்திகையில மழை பெய்யும் எண்டு யாழ்ப்பாணத்தில ஆருக்குத்தான் தெரியாது?”

“அப்ப என்ன அக்கா எழுதுறது?”

“நாங்கள் கொட்டேசன் கேட்டதே செப்டெம்பர் கடைசியில. அதை எழுதுங்கோ.”

கிணறு இறைத்து உட்கட்டுக் கட்டத் தோதான காலம் ஓகஸ்ட், செப்டெம்பர். அதைக் கொட்டேசனுக்குள் தொலைத்தோம். இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்பது இந்த வரியில்தான் தெரியும். மழையை யாரும் மாற்ற முடியாதே.

சரி, குறைந்த 21 இலட்சத்தைப் பிரிப்போம். அது ஒரே சாதிக் காசு இல்லை.

[திரையில்: 6 + 12 + 3]

முதல் 6 இலட்சம் இரண்டு கிணறுகளுக்கானது. வேலை முடிந்துவிட்டது, பில் ஜனவரியில்தான் வரும். இதைக் ‘கொடுக்க வேண்டியது’ என்று தனி நிரலில் காட்டுங்கள். அடுத்த 12 இலட்சம் தொடங்காத நான்கு கிணறுகளுக்கானது. இதுதான் உண்மையான தாமதம். மிச்சம் 3 இலட்சம் பயிற்சியில் நின்றது. பயிற்சிகள் எல்லாம் நடந்தன, பள்ளிக்கூடம் மண்டபத்தை இலவசமாகத் தந்தது. அது மிச்சம் பிடித்த காசு. அதை ‘பின்னர் செலவழிப்போம்’ என்று எழுதினால் பொய். வேறு தலைப்புக்கு மாற்ற அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. மேசனுக்குக் கொடுத்த முற்பணத்தைச் செலவாகக் காட்டி வீதத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. பில் இல்லாத முற்பணம் செலவு ஆகாது. கணக்காய்வில் அகப்படும்.

இனி ஈடுகட்டும் திட்டம். இதைக் காசில் தொடங்காமல் கிணற்றில் தொடங்க வேண்டும். 20 கிணறில் இதுவரை முடிந்தது 6, வருடத்துக்கு மிச்சம் 14 கிணறு. ஒரு மேசன் குழுவுக்கு ஒரு கிணறு மூன்று கிழமை. பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை 16 கிழமை. சித்திரை வருஷப்பிறப்புக்கு ஒரு கிழமை ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள். மிச்சம் 15. ஒரு குழு ஐந்து கிணறு முடிக்கும். இரண்டு குழு என்றால் 10தான், போதாது. மூன்று குழு வேண்டும். மேல் கட்டும் தளமும் மட்டும் திருத்த வேண்டிய கிணறுகளை முதலில் எடுங்கள், தண்ணீர் நின்றாலும் அவற்றைச் செய்யலாம். உள்ளே இறங்க வேண்டியவற்றை மே மாதத்துக்கு வையுங்கள்.

[திரையில்: மார்ச் முடிய 6 கிணறு. ஜூன் முடிய மீதி 8.]

மூன்றாவது குழு கிடைக்காவிட்டால்? அப்போது எல்லோரும் கேட்பது, மேலதிகக் காசில்லாமல் கால நீடிப்பு. ஆனால் நீடித்த ஒவ்வொரு மாதமும் சம்பளமும் அலுவலகச் செலவுமாக 3.5 இலட்சம் போகும். பயிற்சியில் மிஞ்சிய 3 இலட்சம் ஒரு மாதத்துக்கே காணாது. அதனால் எத்தனை மாதம், அந்தச் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து என்பதையும் சேர்த்தே கேளுங்கள். மார்ச் முடிவில் ஆறு கிணறு முடியாவிட்டால், அந்த அறிக்கையோடேயே கடிதமும் போக வேண்டும். ஜூன் மாதம் கேட்டால் பதில் வருவதற்குள் ஒப்பந்தமே முடிந்திருக்கும்.