நறுக்கிய ஆப்பிள் ஏன் கறுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிளில் இரும்புச்சத்து இருப்பதால்தான் நறுக்கியதும் துருப்பிடித்தது போல நிறம் மாறுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. அந்த வேலையைச் செய்வது பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற ஒரு நொதி. அதற்குள் இருப்பதும் இரும்பு அல்ல, செம்பு.

ஆப்பிளின் ஒவ்வொரு செல்லிலும் இந்த நொதி ஓர் அறையிலும், பீனால் என்ற வகைப் பொருட்கள் வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச் சுவர்கள் கிழிந்து இரண்டும் கலந்துவிடுகின்றன, காற்றும் உள்ளே வந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நொதி பீனால்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமிகள் ஆகின்றன. வாழைப்பழம், உருளைக்கிழங்கிலும் இதே கதைதான். அதனால் மழுங்கிய கத்தியால் நசுக்கி நறுக்கினால் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போடுவது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. தவிர, வெட்டிய இடத்தில் கசிந்த சாறும் கழுவிப் போய்விடும். கிழங்கு மூழ்கிவிடுவதால் இது நன்றாகவே பலிக்கிறது. ஆப்பிள் அப்படியில்லை, மிதக்கும். அதன் சதைக்குள் கிட்டத்தட்ட கால் பங்கு காற்றுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் பழுப்பாகிவிடும். மேலே ஒரு சிறு தட்டை வைத்து அமுக்கினாலும், உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஆப்பிளுக்கு எலுமிச்சைதான் நல்லது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சாறு கலந்து, துண்டுகளை மூன்று நான்கு நிமிடம் நனைத்து எடுங்கள். அந்தப் புளிப்பில் நொதி பெரும்பாலும் முடங்கிப்போகிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இன்னொன்றும் செய்கிறது: உருவான குயினோன்களை மறுபடி நிறமற்ற பீனால்களாகவே திருப்பிவிடுகிறது. வினிகரில் புளிப்பு உண்டு, இந்த இரண்டாவது உதவி கிடையாது. ஆனால் வைட்டமின் சி இந்த வேலையில் செலவாகிக்கொண்டே வரும். அது தீர்ந்து, நொதிக்கு இன்னும் உயிர் இருந்தால், நிறம் மாறத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து டிபன் பாக்ஸில் ஓரங்கள் பழுப்பாவது இதனால்தான்.

உருளைக்கிழங்குக்கும் எலுமிச்சை பிழியலாமே என்று தோன்றும். வேண்டாம். புளிப்பேறிய கிழங்கு வேகவைத்தால் எளிதில் மசியாது. வெறும் தண்ணீரே போதும். வெந்ததும் சூட்டில் நொதி அழிந்துவிடும், அதன்பின் இந்தக் கவலையே இல்லை.

வாழைப்பழத்தை மட்டும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கொழகொழவென்று ஆகிவிடும். பரிமாறுவதற்குச் சற்று முன் நறுக்கி, மேலே சில துளி எலுமிச்சைச் சாறு தெளித்து மெதுவாகப் புரட்டினால் போதும்.