இத்தாலியனில் ஒரு பிரியாவிடை வாழ்த்து

வணக்கம். இத்தாலியில் வேலை செய்யும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "கூட வேலை செய்தவர் ஓய்வு பெறுகிறார், அட்டையில் என்ன எழுதலாம்?" எழுதி வந்ததைப் பார்த்தால், "தங்கள் அரிய சேவையை என்றும் மறவோம்" என்ற தொனி! சக ஊழியருக்கு அங்கே அது ஒத்துவராது. நேற்றுவரை "தூ" என்று நீ போட்டுப் பேசியவரை அட்டையில் மட்டும் "லேய்" என்று நீங்கள் போட்டால், ஏதோ கோபம் என்றுதான் நினைப்பார்.

போலோஞ்ஞா நகரத்துக்காரர் என்றால் உங்களுக்கு வேலை மிச்சம். அங்கே "உமரெல்" என்று ஒரு சொல் உண்டு. சாலையில் எங்காவது பள்ளம் தோண்டினால் போதும், ஓய்வு பெற்ற தாத்தாக்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து நிற்பார்கள். நின்றால் பரவாயில்லை, "குழாயை அப்படிப் போடாதே தம்பி" என்று யோசனையும் சொல்வார்கள்! அவர்கள்தான் உமரெல். வட்டாரச் சொல்லாக இருந்தது, ஜிங்காரெல்லி அகராதியின் 2021 பதிப்பிலேயே ஏறிவிட்டது. (நம்மூரில் ஜேசிபி வந்தால் கூடும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.)

ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். "காரோ", அதாவது அன்புள்ள என்று தொடங்கி, முதற்பெயர். பிறகு, "தா லுனெதீ, நியெந்தே பியூ கார்தெல்லீனோ": திங்கள் முதல் வருகை அட்டை தேய்க்க வேண்டாம். அடுத்து, "போலோஞ்ஞாவின் கட்டுமான இடங்களெல்லாம் உனக்காகக் காத்திருக்கின்றன. கையைப் பின்னால் கட்டிக்கொள், கொத்தனாருக்கு ரொம்ப யோசனை சொல்லாதே. இங்கே இயந்திரத்துக் காப்பி அதே மோசம்தான், நீ இல்லாமல் இன்னும் மோசமாகும்." கேலி முடிந்ததும் ஒரே ஒரு நேரடி வரி: "சி மங்கெராய்", நீ இல்லாதது எங்களுக்கு வலிக்கும். கடைசியில், "பாஸ்ஸா அ த்ரோவார்ச்சி", எங்களைப் பார்க்க வா. "உன் அப்ராச்சோ", ஓர் அணைப்பு. அவ்வளவுதான், ஏழெட்டு வரி.

கேலி ஓய்வைப் பற்றி இருக்கட்டும், வயதைப் பற்றி வேண்டாம். முட்டிவலி, மறதி, மருந்து, இதெல்லாம் கூடவே கூடாது. வழக்கமாக 67 வயதில் போகிறவர். உடம்பில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. காப்பியைக் கிண்டல் செய்யுங்கள், காப்பி கோபித்துக்கொள்ளாது! "அத்தீயோ" என்றும் எழுதாதீர்கள். இனிமேல் பார்க்கவே போவதில்லை என்ற தொனி அதில் வந்துவிடும். "அ ப்ரெஸ்தோ" என்றால் சீக்கிரம் பார்ப்போம்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சட்டென்று இரண்டு விஷயம். பெண் என்றால் "காரோ"வுக்குப் பதில் "காரா", உமரெல் கேலி பொருந்தாது, வேறு பிடியுங்கள். மேலதிகாரி என்றால் அலுவலகத்தில் எப்படிப் பேசினீர்களோ அதே மரியாதையில் எழுதுங்கள், அணைப்புக்குப் பதில் "கோன் ஸ்தீமா", மதிப்புடன், என்றால் போதும். வணக்கம்.