விடைபெறும் டீச்சரின் பேச்சு: தாளிலிருந்து வாய்க்கு

(திரையில்: கையால் எழுதிய ஒரு பத்தி. குரல் அதை அப்படியே வாசிக்கிறது.)

"1991-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இப்பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியருக்குக் கற்பித்து, 34 ஆண்டுகள் பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் இத்தருணத்தில், என்னை இங்கு அழைத்து வந்து பணியில் சேர ஊக்கமளித்த என் தந்தையாரை நன்றியுடன் நினைவுகூர்கிறேன்."

டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளி. மாதக் கடைசி நாள், பிரிவு உபசார விழா. கணக்கு டீச்சர் எழுதி வைத்திருக்கும் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பள்ளி மலரில் அச்சிட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் மைக்கில் இதை வாசித்தால், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் சமோசா எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: அதே பத்தி. "நினைவுகூர்கிறேன்" மட்டும் மஞ்சள் நிறத்தில்.)

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதற்கு முன்னால் சேர்ந்து, கற்பித்து, பணியாற்றி என்று எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் அடுக்கலாம். படிப்பவருக்கு அதில் சிரமம் இல்லை, கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதால் அது முடியாது. யார், என்ன, எதற்காக என்று தெரியாமலே இருபது, முப்பது சொற்களைத் தூக்கிக்கொண்டு கடைசி வரை நடக்க வேண்டும். இதில் வாசிப்பவர் குரலும் மாட்டிக்கொள்கிறது. வினை வரும்வரை குரலை இறக்க முடியாது, அதனால் ஒரே சுருதியில் ஓடுகிறது. "வாசிக்கிறார்" என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த ஒரே சுருதிதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் பத்தியில் உயிருள்ள ஆள் ஒருவர்தான்: அப்பா. அவர் எங்கே இருக்கிறார்? "ஊக்கமளித்த" என்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருக்கிறார். எப்படி ஊக்கமளித்தார், என்ன சொன்னார், எங்கே நின்று சொன்னார்? அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இங்கே பலரும் செய்வது, "சேர்ந்து" என்பதை "சேந்து" என்றும் "பணியாற்றி" என்பதை "வேலை பாத்து" என்றும் மாற்றுவது. அது போதாது. சொல் பேச்சாகிவிடும், வாக்கியம் எழுத்தாகவே நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். தாளை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "மிஸ், முதல் நாள் அப்பா கூட வந்தாரா? என்ன சொன்னார்?" போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். எழுதும்போது வராதது இப்போது வரும். அதிலிருந்து எடுத்துக் கட்டியது இது:

(திரையில்: ஒவ்வொரு வரியும் தனித்தனியாக.)

"1991, ஜூலை மாசம்.
இதே கேட்டுக்கு வெளியே நானும் அப்பாவும் நிக்கிறோம்.
எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது.
உள்ள போகவே பயம்.
அப்பா சொன்னார், 'கணக்குக்கு எந்த ஊரா இருந்தா என்னம்மா, போ.'
போனேன்.
34 வருஷம் ஆச்சு."

எச்சங்கள் முற்றுகளாக உடைந்திருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் குரல் இறங்க ஓர் இடம் இருக்கிறது. "நிக்கிறோம்" என்று நிகழ்காலம் வந்திருப்பதைப் பாருங்கள். நடந்து முடிந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்வது நாம் கதை சொல்லும்போது இயல்பாகச் செய்வது. எழுத உட்கார்ந்தால் கை தானாகவே "நின்றுகொண்டிருந்தோம்" என்று போய்விடும். 34 என்ற எண்ணும் இடம் மாறிவிட்டது. முன்பு அது தகவலாக நடுவில் கிடந்தது. இப்போது "போனேன்" என்பதற்கு அடுத்து வருவதால் அதற்கு ஒரு கனம் வந்திருக்கிறது.

வேறொரு இடத்தில் டீச்சர், "என்னிடம் பயின்ற மாணவர்களின் அன்பை என்னால் மறக்க இயலாது" என்று எழுதியிருந்தார். பேசும்போது அவர் சொன்னது: "மறக்கவே முடியாது, இந்தப் பசங்களை." வினை முன்னால் வந்துவிட்டது, ஆள் பின்னால் வருகிறார். பேச்சுத் தமிழில் இது சர்வ சாதாரணம். எழுத்தில் திருத்தத் தோன்றும், திருத்தாதீர்கள். ஆனால் ஒரு பேச்சில் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் போதும். எல்லா வாக்கியமும் இப்படித் தலைகீழாக நின்றால் நாடக வசனம்போல ஆகிவிடும்.

அடுத்து, எந்த அளவுக்குப் பேச்சுத் தமிழ்? வீட்டில் பேசும் தமிழை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பையனின் அம்மாவிடம் டீச்சர் எப்படிப் பேசுவாரோ, அந்த அளவு. "வந்தார்கள்" என்பது "வந்தாங்க" ஆகட்டும், "இருக்கிறது" என்பது "இருக்கு" ஆகட்டும். இந்த இரண்டையும் எழுத்து வடிவத்திலேயே விட்டால் பேச்சு முழுக்க வாசிப்பதுபோலவே ஒலிக்கும். மற்ற உச்சரிப்பையெல்லாம் வாய் பார்த்துக்கொள்ளும். "வந்து", "என்னன்னா" போன்ற இழுவைகளை மட்டும் தாளில் எழுதவே கூடாது. அவை தானாக வந்தால் அழகு, எழுதி வாசித்தால் உடனே பொய் தெரிந்துவிடும்.

நான் தொடாமல் விடும் இடம் ஒன்று உண்டு. "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே" என்று தொடங்கும் விளி. அது சடங்கு, சபைக்கு அது வேண்டும், எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். அது முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு "1991, ஜூலை மாசம்" என்று இறங்கினால், அந்த மாற்றமே கூட்டத்தை நிமிர வைக்கும்.

ஆனால் நன்றிப் பட்டியல் அப்படியே இருக்கக் கூடாது. "அவர்களுக்கும், அவர்களுக்கும், அவர்களுக்கும்" என்று பதினைந்து பெயர் போனால், பதினாறாவதாக விட்டுப்போனவர் மனதில்தான் அது நிற்கும். இரண்டு பேரை எடுங்கள், ஆளுக்கு ஒரு செயல் சொல்லுங்கள். "டிசம்பர் பனியில பஸ் வராத அன்னிக்கெல்லாம் என் முதல் பீரியடை இந்தி மேடம்தான் பார்த்துக்கிட்டாங்க." மற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு வரி போதும். தமிழ் தெரியாத சக ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்கான இந்தி வரியை இந்த இடத்திலேயே வையுங்கள்: "ஆப் சப்கோ பஹுத் யாத் கரூங்கி." கடைசியில் வைத்தால், பேச்சு முழுக்கப் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரு ஆறுதல் பரிசு மாதிரி ஆகிவிடும்.

(திரையில்: பெரிய எழுத்தில் அச்சான தாள்.)

இப்போது ஒருமுறை நின்றபடி, சத்தமாக, போனில் பதிவு செய்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை தடுக்கினால் மூன்றாம் முறை பயிற்சி வேண்டாம், வாக்கியத்தை மாற்றுங்கள். அது டீச்சருடைய வாக்கியம் இல்லை. மூச்சு முட்டும் இடத்தில் வரியை இரண்டாக வெட்டுங்கள்.

அச்சிடும்போது ஒரு மூச்சுக்கு ஒரு வரி. ஓரம்வரை நிரப்பாதீர்கள். பக்கம் மாறும் இடத்தில் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். அப்பாவைப் பற்றிய வரிகள் முதல் பக்கத்தின் அடியில் விழுந்தால் மேலே ஏற்றுங்கள், ஏனென்றால் அங்கே குரல் உடைய வாய்ப்பு அதிகம். அப்போது தேட வேண்டிய அடுத்த வரி "போனேன்" என்ற ஒற்றைச் சொல்லாக, கண்ணுக்கு நேராக இருந்தால் தொடர்ந்துவிடலாம்.